அப்பா, மீசை எங்கே? ஸ்பெக்ட்ரோகிராமில் பேச்சைப் படிப்பது எப்படி

ஒரு நீளமான ஒலிப்பதிவைச் சுருக்க வேண்டியிருந்தது. பேச்சில் அமைதியாக இருக்கும் இடங்களைத் தானாகக் கண்டுபிடித்து வெட்டித் தரும் கருவி ஒன்றில் அதைப் போட்டேன். 0.1 விநாடிக்கு மேல் சத்தமே இல்லாத இடங்களை எல்லாம் எடுத்துவிடும்படி அமைத்தேன். திரும்பி வந்த பதிவில் ‘அப்பா’ ஏதோ ‘அபா’ மாதிரி ஆகியிருந்தார். ‘பாட்டு’, ‘பக்கம்’ எல்லாம் நடுவில் மெலிந்து, தமிழை இப்போதுதான் கற்றுக்கொள்ளும் ஒருவர் சொல்வது போலக் கேட்டன. சொற்களுக்கு இடையே இருக்கும் அமைதியைத்தான் எடுக்கச் சொன்னேன். அது சொற்களுக்கு உள்ளேயே கைவைத்துவிட்டது.

காரணம் காதுக்குப் புலப்படவில்லை. பதிவை ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது ஒலியின் படமாக, விரித்துப் பார்த்தபோது உடனே தெரிந்தது: ‘அப்பா’ என்ற சொல்லின் நட்டநடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. அங்கே உண்மையாகவே எந்த ஒலியும் இல்லை. அந்த ஒலியின்மைதான் நமக்கு ‘ப்ப’ என்று கேட்கிறது.

பேச்சின் படத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்களை முதலில் குழப்புவது இந்த வெள்ளைதான். உயிரெழுத்துகளை அடையாளம் காண ஒரு மணி நேரம் போதும். வெள்ளையாக இருக்கும் இடம் மெய்யா, பேச்சாளர் நிறுத்திய இடமா என்று பிரித்தறியத்தான் கொஞ்சம் பழக வேண்டும். அதற்காக ஒரே ஒரு சிறிய வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக மெதுவாகப் படித்துப் பார்ப்போம்: “அப்பா, மீசை எங்கே?”

படத்தில் என்ன இருக்கிறது

ஸ்பெக்ட்ரோகிராமில் இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. கீழிருந்து மேலாக அதிர்வெண் ஏறுகிறது: கீழே கனத்த ஒலிகள், மேலே கீச்சொலிகள். எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் ஆற்றல் அதிகமோ அந்த இடம் கறுத்திருக்கும். ஆற்றல் இல்லாத இடம் வெள்ளையாக இருக்கும். அவ்வளவுதான். சில மென்பொருள்களில் இதையே வண்ணத்தில், இருட்டுப் பின்னணியில் ஒளிரும் பட்டைகளாகக் காட்டுவார்கள். பேச்சுக்குக் கறுப்பு வெள்ளைதான் வசதி என்பது என் கருத்து. வண்ணங்கள், இல்லாத எல்லைகளை இருப்பது போலக் காட்டிவிடும்.

1940களில் பெல் ஆய்வகத்தில் இந்தக் கருவியை முதலில் உருவாக்கியபோது, இரண்டரை விநாடிப் பேச்சை ஒரு தாளில் வரைந்தெடுக்கவே சில நிமிடங்கள் ஆகும். இப்போது கணினியில் கண் இமைப்பதற்குள் வந்துவிடுகிறது. பேச்சை ஆராய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது Praat. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய இலவச மென்பொருள் அது. `New` பட்டியலில் `Record mono Sound...` என்பதை எடுத்துப் பதிவு செய்து, `View & Edit` பொத்தானை அழுத்தினால் மேலே ஒலியலையும் கீழே ஸ்பெக்ட்ரோகிராமும் தெரியும். பதிவு 10 விநாடிக்கு மேல் நீளமானால் கீழ்ப்பகுதியில் படம் வராது. கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், ஒரு சிறு பகுதியைப் பெரிதாக்கினால் வந்துவிடும்.

`Spectrogram settings...` என்பதைத் திறந்தால் பல எண்கள் இருக்கும். இப்போதைக்கு `Window length (s)` என்ற ஒன்று மட்டும் போதும். இது மென்பொருள் ஒரு தடவைக்கு எவ்வளவு நேரத் துண்டைப் பார்க்கிறது என்பது. வழக்கமான மதிப்பு 0.005, அதாவது 5 மில்லி விநாடி. இவ்வளவு குட்டித் துண்டாகப் பார்த்தால் எது எப்போது நடந்தது என்பது துல்லியமாகத் தெரியும், ஆனால் எந்த அதிர்வெண் என்பது சற்று மங்கும். 0.03 என்று மாற்றினால் கதை தலைகீழாகும்: அதிர்வெண்கள் மெல்லிய கிடைக்கோடுகளாகத் தெளியும், நேரம் இழுபட்டு மெய்களின் விளிம்புகள் கரையும். இரண்டையும் ஒரே படத்தில் கூர்மையாகப் பெற வழி இல்லை. மெய்யையும் நிறுத்தத்தையும் பார்ப்பதற்கு 0.005தான் வேண்டும்.

முதல் அ, அதன் ஓரத்து வளைவு

நான் பதிவு செய்த வாக்கியத்தில் குரல் 0.21 விநாடியில் தொடங்குகிறது. அது வரை வெள்ளை, அடியில் மட்டும் அறையின் இரைச்சல் கொஞ்சம் சாம்பலாக. 0.21 முதல் 0.30 வரை, 90 மில்லி விநாடிக்கு, ‘அ’.

பெரிதாக்கிப் பார்த்தால் அந்த ‘அ’ முழுக்க நெருக்கமான செங்குத்துக் கோடுகளால் ஆனது என்று தெரியும், சீப்பின் பற்கள் போல. குரல் நாண்கள் ஒவ்வொரு முறை மூடும்போதும் ஒரு கோடு. என் குரல் விநாடிக்கு ஏறக்குறைய 125 தடவை அதிர்கிறது என்பதால் கோட்டுக்குக் கோடு 8 மில்லி விநாடி. இந்தக் கோடுகள் இருக்கும் இடத்தில் குரல் நாண்கள் வேலை செய்கின்றன. இல்லாத இடத்தில் இல்லை. இந்த ஒரு அடையாளத்தை வைத்தே பாதிப் படத்தைப் படித்துவிடலாம்.

அந்தச் சீப்பின் மேல் குறுக்காகச் சில தடித்த கறுப்புப் பட்டைகள் கிடக்கும். இவற்றை ஃபார்மண்ட் என்பார்கள். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் அதற்கென்று ஓர் ஒலி வருகிறது. உள்ளே தண்ணீரை ஊற்ற ஊற்ற அந்த ஒலி மாறுகிறது. தொண்டையிலிருந்து உதடு வரையிலான குழாயும் அப்படித்தான். ஆண் ஒருவரின் குழாய் சுமார் 17 சென்டிமீட்டர் நீளம். நாக்கு எங்கும் குறுக்கிடாமல் இருந்தால் அதில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அருகில் ஒலி பெருகும். நாக்கையும் உதட்டையும் தாடையையும் நகர்த்தும்போது இந்தப் பெருகுமிடங்கள் ஏறி இறங்குகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் நாம் அ, இ, உ என்று கேட்கிறோம்.

கீழிருந்து எண்ணினால் முதல் பட்டை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. வாய் திறக்கத் திறக்க அது மேலே போகும். இரண்டாம் பட்டை நாக்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதைச் சொல்கிறது. நாக்கு முன்னே தள்ளினால் அது மேலே ஏறும். பின்னே போய் உதடும் குவிந்தால் கீழே இறங்கும். என் ‘அ’வில் முதல் பட்டை 650 அருகிலும் இரண்டாவது 1250 அருகிலும் இருக்கின்றன. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். வாய் நன்றாகத் திறந்திருக்கிறது, நாக்கு முன்னே போகவில்லை என்று அர்த்தம்.

இப்போது அந்த ‘அ’வின் வலது ஓரத்தைப் பாருங்கள். கடைசி 30 மில்லி விநாடியில் பட்டைகள் நேராகப் போகாமல் கீழ்நோக்கிச் சாய்கின்றன. உதடுகள் மூடிக்கொண்டிருக்கின்றன. மூடிக்கொண்டே வரும் குழாயில் அந்தப் பெருகுமிடங்கள் எல்லாம் இறங்கும். ‘ப்ப’ இன்னும் தொடங்கவே இல்லை, ஆனால் வரப்போவது உதட்டொலி என்று ‘அ’வே காட்டிக்கொடுத்துவிட்டது. இந்த வளைவைப் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

ஒலி இல்லாத ‘ப்ப’

0.30 விநாடியில் எல்லாம் சட்டென்று நிற்கிறது. அடுத்த 180 மில்லி விநாடிக்கு வெள்ளை. உதடு மூடியிருக்கிறது, குரல் நாண்களும் ஓய்ந்துவிட்டன, உள்ளே காற்று மட்டும் அழுந்திக்கொண்டிருக்கிறது. 0.48இல் உதடு திறந்து காற்று வெடித்து வெளியேறுகிறது. படத்தில் அது ஊசி போல ஒரே ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு. 15 மில்லி விநாடி கழித்துச் சீப்புப் பற்கள் மறுபடி தொடங்குகின்றன. பட்டைகள் கீழிருந்து மேலே எழும்பி ‘ஆ’வின் இடத்துக்கு வந்து நிற்கின்றன.

‘அ’ 90 மில்லி விநாடிதான், அதற்கடுத்த ஒலியின்மை 180. குறிலுக்கு ஒரு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்று படித்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். இந்த வெள்ளைக்குள் ப் என்ற மெய்யும், அடுத்துள்ள ‘பா’வின் மெய்ப்பகுதியும் சேர்ந்தே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேர்த்துப் பார்த்தாலும் கணக்கு சரியாக வராது. மாத்திரை செய்யுளின் அளவுகோல், மில்லி விநாடி அல்ல.

ஒப்பிட்டுப் பார்க்க ‘அபாயம்’ என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். எழுத்தில் அதே ப. ஆனால் உயிர்களுக்கு நடுவில் தனியாக நிற்பதால் நாம் அதைக் குரலோடு சொல்கிறோம். படத்தில் மூடல் 60 மில்லி விநாடிதான் இருக்கும். அதுவும் முழு வெள்ளையாக இருக்காது. மேலே வெள்ளை, அடியில், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒரு கறுப்புப் பட்டை மட்டும் தொடர்ந்து ஓடும். உதடு மூடியிருக்கும்போதும் குரல் நாண்கள் அதிர்ந்துகொண்டிருப்பது கன்னத்துச் சதை வழியாக மந்தமாக வெளியே கேட்பதுதான் அது. தமிழில் ஒற்றை வல்லினமா இரட்டை வல்லினமா என்று படத்தில் கண்டுபிடிக்க இந்த இரண்டும் போதும்: வெள்ளை எவ்வளவு நீளம், அடியில் பட்டை உண்டா இல்லையா.

சரி, வெள்ளை என்றால் ‘ப்ப’ என்று எப்படித் தெரியும்? ‘க்க’வோ ‘ட்ட’வோ ஆகக்கூடாதா? வெள்ளையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. வாயை எங்கே மூடினாலும் ஒலியின்மை ஒன்றுதான். ஓரங்களில்தான் விடை இருக்கிறது. உதட்டில் மூடினால் பட்டைகள் எல்லாம் கீழே சாயும். ‘பக்கம்’ என்று சொன்னால், மூடுவதற்கு முன் இரண்டாம் பட்டை ஏறி மூன்றாம் பட்டை இறங்கி இரண்டும் கிள்ளியது போல ஒன்றையொன்று நெருங்கும். ‘பட்டு’ என்று சொன்னால் மூன்றாம் பட்டை தனியாகக் கீழே வரும். நாக்கின் நுனி மேலே மடங்குவதன் அடையாளம் அது. ‘ழ’விலும் இதே மூன்றாம் பட்டை இன்னும் நன்றாக இறங்கி இரண்டாவதை நெருங்குவதைப் பார்க்கலாம். ‘வாழை’ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தால், படத்தில் ஒரு தொட்டில் தொங்குவது போல இருக்கும்.

இரண்டாவது வெள்ளை

‘ஆ’ 0.78 வரை நீள்கிறது. 285 மில்லி விநாடி. இதே ‘அப்பா’ ஒரு வாக்கியத்தின் நடுவில் வந்திருந்தால் இவ்வளவு நீண்டிருக்காது. நிறுத்தத்துக்கு முந்தைய அசையை நாம் அறியாமலேயே இழுத்துவிடுகிறோம். அப்புறம் 0.78இலிருந்து 1.20 வரை மறுபடியும் வெள்ளை, 420 மில்லி விநாடி. இதுதான் எழுத்தில் காற்புள்ளி இருக்கும் இடம்.

இரண்டு வெள்ளைகளையும் பக்கத்தில் வைத்து அவற்றின் ஓரங்களைப் பாருங்கள். முதல் வெள்ளைக்கு முன் பட்டைகள் கீழே வளைந்து, கத்தியால் வெட்டியது போல நின்றன. இரண்டாம் வெள்ளைக்கு முன் பட்டைகள் எந்தப் பக்கமும் வளையவில்லை. ‘ஆ’வின் இடத்திலேயே இருந்தபடி மெல்ல வெளுத்து மறைகின்றன, கடைசியில் சீப்புப் பற்கள் விலகி விலகிப் போகின்றன, ஏனென்றால் குரல் தாழ்கிறது. வாய் எதையும் மூடவில்லை, குரல் அடங்கிவிட்டது.

வெள்ளை முடிகிற விதமும் வேறு. முதலாவது, ஊசிக் கோட்டு வெடிப்போடு முடிந்தது. இரண்டாவதில் வெடிப்பு கிடையாது, அடுத்த ஒலி நேராகத் தொடங்குகிறது. அதோடு இரண்டாம் வெள்ளைக்குள் 0.95 முதல் 1.10 வரை ஒரு மங்கலான சாம்பல் மேகம் இருக்கிறது. அதில் சீப்புப் பற்கள் இல்லை. நான் மூச்சை உள்ளே இழுத்தது அது. உதடு மூடியிருக்கும் ‘ப்ப’வுக்குள் அப்படி ஒரு மேகம் வர வழியில்லை.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நிறுத்தத்துக்குப் பின் வரும் சொல் வல்லினத்தில் தொடங்கினால், உதாரணமாக “அப்பா, பாரு” என்றால், நிறுத்தத்தின் வெள்ளையும் ‘பா’வின் மூடல் வெள்ளையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் நிறுத்தம் முடிந்து உதடு மூடியது என்று படத்திலிருந்து சொல்ல முடியாது. ஒலியைக் குறிப்பெடுப்பவர்கள் வெடிப்புக்கு முன் ஒரு நிலையான அளவை, 50 மில்லி விநாடி என்பது போல, மூடலுக்கு ஒதுக்கிவிடுவது உண்டு. அது அளவெடுப்பல்ல, உடன்பாடு.

மீசை

இந்தப் பகுதி சுலபம். 1.20இல் ‘ம்’: அடியில் 250 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு கறுத்த பட்டை, மேலே எல்லாம் வெளிறி. சீப்புப் பற்கள் உண்டு, ஏனென்றால் குரல் ஓடுகிறது. உதடு மூடி ஒலி மூக்கு வழியாக வருவதால் மேல்பகுதி மங்கியிருக்கிறது. 80 மில்லி விநாடிக்குப் பின், பூட்டைத் திறந்தது போல, ‘ஈ’யின் பட்டைகள் பளிச்சென்று தொடங்குகின்றன. மூக்கொலிக்கும் உயிருக்கும் நடுவில் இப்படி ஒரு கூர்மையான படி இருக்கும். ய, வ போன்றவற்றில் அது இருக்காது, அவை வழுக்கிக்கொண்டு போகும்.

‘ஈ’யைப் பார்த்தால் தவறவே விட மாட்டீர்கள். முதல் பட்டை கீழே 300இல், இரண்டாவது மேலே 2250இல். நடுவில் பெரிய காலி மைதானம். வாய் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, நாக்கு முன்னே தள்ளியிருக்கிறது. ‘ஆ’வில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டும் இங்கே ஆளுக்கொரு கோடியில்.

1.45 முதல் 1.57 வரை ‘ச’. சீப்புப் பற்கள் மறைந்துவிடுகின்றன. மேலே, 4000 ஹெர்ட்ஸுக்கு மேல், மழை பெய்தது போலப் புள்ளி புள்ளியான கறுப்பு. கீழ்ப்பாதி வெள்ளை. Praat வழக்கமாக 5000 ஹெர்ட்ஸ் வரைதான் காட்டும் என்பதால் இந்த மழையின் அடிப்பகுதி மட்டுமே தெரியும். `View range (Hz)` என்பதில் 8000 என்று போட்டால் மீதியும் வரும். தொலைபேசி அழைப்பைப் பதிவு செய்து பார்த்தால் இந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக இருப்பதைக் காணலாம். பழைய தொலைபேசித் தடங்கள் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலே எதையும் கடத்துவதில்லை. அதனால்தான் பெயரைச் சொல்லும்போது ‘ஸ’வா ‘ஃப’வா என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது.

எழுத்தில் இருக்கும் இடைவெளி எங்கே போனது

‘மீசை’க்கும் ‘எங்கே’க்கும் நடுவில் எழுத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. படத்தில் தேடுங்கள், கிடைக்காது. ‘சை’யின் உயிர் 1.57இல் தொடங்குகிறது, அது எப்போது முடிகிறது என்றே தெரியாமல் ‘எ’வுக்குள் போய்விடுகிறது. 1.85 வரை சீப்புப் பற்கள் ஒன்றுகூட விடுபடவில்லை. இரண்டாம் பட்டை 1900 அருகில் ஓடிக்கொண்டிருந்து, நடுவில் ஒரு முறை லேசாக 2100 வரை எழும்பி, மறுபடி இறங்குகிறது. அந்தச் சிறு எழுச்சிதான் ‘ய்’. ஐகாரத்தின் பின் உயிர் வந்தால் யகர உடம்படுமெய் தோன்றும் என்று பள்ளியில் படித்தோமே, ‘மீசையெங்கே’, அதேதான். புணர்ச்சி விதிகளை மனப்பாடம் செய்யச் சொன்னபோது இதைப் படமாகக் காட்டியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் விருப்பத்தோடு படித்திருப்பேன்.

ஆக, ஒரே சொல்லாக எழுதும் ‘அப்பா’வின் நடுவில் 180 மில்லி விநாடி வெள்ளை, இரண்டு சொல்லாக எழுதும் ‘மீசை எங்கே’யின் நடுவில் ஒன்றும் இல்லை. சொற்களின் எல்லையைக் காட்ட வெள்ளை உதவாது. அந்த எல்லையை நாம் மொழி தெரிந்திருப்பதால்தான் கேட்கிறோம். தெரியாத மொழியை யாரேனும் பேசினால் ‘கடகட’ என்று மூச்சுவிடாமல் பேசுவதாகத் தோன்றுவதும் இதனால்தான்.

மீதியை விரைவாக முடித்துவிடலாம். 1.85இல் ‘ங்’, ‘ம்’ போலவே அடியில் கறுத்து மேலே வெளுத்து. ஆனால் அதற்கு முன் இரண்டாம் மூன்றாம் பட்டைகள் கிள்ளிக்கொண்டு நெருங்குவதால் இது உதட்டில் அல்ல, பின்நாக்கில் என்று தெரிகிறது. 1.93இலிருந்து 40 மில்லி விநாடி மட்டும் ‘க’. குரலோடு வருவதால் அடியில் பட்டை ஓடிக்கொண்டே இருக்கிறது, பிறகு ஒரு சிறிய வெடிப்பு. கடைசியில் ‘ஏ’, 2.30 வரை. முடியும் இடத்தில் சீப்புப் பற்கள் ஒழுங்கிழந்து, ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று தள்ளித் தள்ளி விழுகின்றன. பேச்சு முடியும்போது குரல் கரகரப்பதன் அடையாளம். புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த இடைவெளிகளைச் சிறு சிறு மெய்கள் என்று எண்ணிவிடுவார்கள்.

வெள்ளை பொய் சொல்லும் இடங்கள்

மேலே சொன்னதெல்லாம் அமைதியான அறையில், வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் வைத்துப் பதிவு செய்த குரலுக்குப் பொருந்தும். வெறுமையான சுவர்கள் உள்ள பெரிய அறையில் பதிவு செய்தால், ‘அ’வின் எதிரொலி வழிந்து ‘ப்ப’வின் வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். அந்தச் சாம்பலில் ‘அ’வின் பட்டைகளே மங்கலாக நீண்டிருக்கும், அதை வைத்து எதிரொலி என்று கண்டுகொள்ளலாம். உண்மையான குரலாக இருந்தால் அடிப்பட்டை மட்டும்தான் இருந்திருக்கும்.

எதிர்ப்பக்கமும் ஒரு பொய் உண்டு. கைபேசிகளும் காணொளி அழைப்புச் செயலிகளும் இரைச்சலை நீக்குகிறேன் என்று, குரல் இல்லாத இடங்களைத் துடைத்து விடுகின்றன. அப்போது நிறுத்தம் அப்பழுக்கில்லாத வெள்ளையாகிவிடும், மூச்சு மேகமும் போய்விடும். சில சமயம் சொல்லின் கடைசி அசையும் சேர்ந்து போய்விடும். அறை இரைச்சல்கூட இல்லாத வெள்ளையைக் கண்டால், இது பேசியவரின் அமைதியல்ல, மென்பொருளின் அமைதி என்று சந்தேகப்படுவது நல்லது.

மூன்றாவது பொய் Praat திரையிலேயே இருக்கிறது. திரையில் அந்த நேரத்தில் தெரியும் பகுதியில் எது அதிகச் சத்தமோ அதைக் கறுப்பாக வைத்து மற்றவற்றை அது கணக்கிடுகிறது. நிறுத்தத்தை மட்டும் பெரிதாக்கினால், ஒப்பிடக் குரலே இல்லாததால், அறை இரைச்சல் கறுகறுவென்று எழுந்து நிற்கும். நான் முதல் தடவை அதைப் பார்த்து, நிறுத்தத்துக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அரைமணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இருபக்கமும் கொஞ்சம் குரலையும் சேர்த்துத் திரையில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

குழந்தைகளின் குரலும் கீச்சுக் குரலும் வேறு வகையில் சிரமம் தரும். குரல் விநாடிக்கு 300 தடவை அதிர்ந்தால் பல்லுக்குப் பல் 3 மில்லி விநாடிதான். 5 மில்லி விநாடித் துண்டில் பற்கள் ஒட்டிக்கொண்டு மறைந்து, அவற்றுக்குப் பதிலாகக் கிடைக்கோடுகள் தோன்றும். இந்தக் கோடுகளை ஃபார்மண்ட் என்று எண்ணக்கூடாது. ஃபார்மண்ட் நாக்கு நகரும்போது நகரும். இந்தக் கோடுகளோ குரலின் சுருதி ஏறினால் எல்லாம் சேர்ந்தாற்போல மேலே விரியும். மேலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் குழாய் நீளம் குறைவு என்பதால் பட்டைகள் எல்லாமே நான் சொன்ன எண்களை விட மேலே இருக்கும். எண்ணைப் பார்க்காமல், பட்டைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

வெட்டிப் பார்க்க ஒரு சோதனை

‘அப்பா’ என்ற பதிவில் வெள்ளையின் நடுவில் 120 மில்லி விநாடியைத் தேர்ந்தெடுத்து `Edit` பட்டியலில் `Cut` கொடுங்கள். ஓரங்களைத் தொட வேண்டாம். வளைவும் வெடிப்பும் அப்படியே இருக்கட்டும். போட்டுக் கேட்டால் ‘அபா’ மாதிரி வரும். ஆனால் ‘அபாயம்’ என்பதில் வரும் ப அல்ல அது, ஏனென்றால் அடியில் குரல் பட்டை இல்லை. குறுகிய, குரலில்லாத ப. இயல்பான தமிழ்ப் பேச்சில் இரண்டு உயிர்களுக்கு நடுவே அப்படி ஒன்று வருவது அரிது. வேறு மொழிக்காரர் பேசுவது போல் இருப்பது அதனால்தான். என் கருவி செய்ததும் இதையேதான்.

எவ்வளவு நேரத்துக்கு மேல் இருந்தால் அமைதியை நிறுத்தம் என்று கொள்ளலாம்? பேச்சாய்வில் நெடுங்காலமாக 200 அல்லது 250 மில்லி விநாடி என்ற எல்லையை வைத்திருக்கிறார்கள். மெய்களின் மூடல் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும் என்பதுதான் கணக்கு. இரட்டை வல்லினம் இவ்வளவு புழங்கும் தமிழுக்கு 200 கொஞ்சம் நெருக்கடியான எண். நிதானமாகப் பேசுபவரின் ‘ட்ட’வும் ‘ப்ப’வும் அதைத் தாண்டிவிடலாம். நான் அந்தக் கருவியில் 0.3 விநாடி என்று மாற்றி வைத்தேன். அப்பா திரும்பி வந்துவிட்டார். ஒரே ஓர் இடத்தில், பேசியவர் அழுத்திச் சொன்ன ‘இல்லவே இல்லப்பா’வில் மட்டும், ‘ப்ப’ 310 மில்லி விநாடி நீண்டிருந்தது. அந்த ஓர் இடத்தைக் கையால் சரிசெய்தேன்.